மோர்ஸ் டேப்பர்: எண்ணிலிருந்து அளவுக்கு

டிரில்லிங் மெஷினில் மாட்டும் பெரிய டிரில்களின் பின்பகுதி நேர் உருளையாக இருக்காது. வால் பக்கம் போகப்போக மெல்லச் சிறுத்துக்கொண்டே போகும். இந்தச் சரிவான ஷாங்க்கை அதே சரிவுள்ள சாக்கெட்டில் சொருகித் தட்டினால், திருகோ சாவியோ இல்லாமலே இறுகிப் பிடித்துக்கொள்ளும். 1860களில் அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் கொண்டுவந்த ஏற்பாடு இது. அவர் பெயரிலேயே மோர்ஸ் டேப்பர் என்கிறார்கள். 0 முதல் 7 வரை எண்கள் உண்டு, ஏறக்குறைய 14 முதல் 23 மி.மீ. வரையிலான டிரில்களுக்கு வழக்கமாக எண் 2 வரும்.

இந்த எண் அளவு அல்ல, வரிசை எண் மட்டுமே. 2 என்பதைப் பெருக்கியோ வகுத்தோ எந்த அளவையும் எடுக்க முடியாது. அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே இரண்டு விவரங்கள் இருக்கும்: கேஜ் கோட்டில் விட்டம் எவ்வளவு, நீளத்துக்கு ஏற்ப விட்டம் எவ்வளவு குறைகிறது. எண் 2க்கு விட்டம் 17.780 மி.மீ., சரிவு 1:20.020. அதாவது 20.020 மி.மீ. நீளம் போனால் விட்டம் 1 மி.மீ. குறையும்; ஒரு மி.மீ.க்கு 0.04995 மி.மீ. பழைய ஆங்கில அட்டவணைகளில் ஓர் அடிக்கு 0.59941 அங்குலம் என்றிருக்கும். அதை 12ஆல் வகுத்தால் இதே 0.04995 கிடைக்கும். இது விகிதம் என்பதால் அங்குலத்துக்கும் மி.மீ.க்கும் ஒன்றே.

கேஜ் கோடு என்பது சாக்கெட்டின் வாய் வந்து நிற்க வேண்டிய இடம். ஷாங்க்கில் அது கோடாகப் பொறிக்கப்பட்டிருக்காது. சரிவு அந்த இடத்தோடு முடிவதும் இல்லை; எண் 2இல் இன்னும் 5 மி.மீ. வெளியே நீளும். புதிதாக அளப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். தடித்த முனையில் வெர்னியரை வைத்தால் 18.0 காட்டும், அட்டவணையிலோ 17.780 இருக்கும். ஷாங்க் தேய்ந்ததாகவோ எண் தவறாகவோ நினைக்க வேண்டாம். 5 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 0.25 மி.மீ. மாறும்; 17.780உடன் அதைக் கூட்டினால் 18.03. கணக்கு சரியாகவே இருக்கிறது.

20 மி.மீ. டிரில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தடித்த முனையிலிருந்து 5 மி.மீ. தள்ளி மார்க்கரால் ஒரு கோடு, அங்கிருந்து வால் பக்கமாக 50 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். முதல் கோட்டில் 17.78 வர வேண்டும். இரண்டாவது கோட்டில்:

17.780 − (50 ÷ 20.020) = 15.28 மி.மீ.

வெர்னியர் தாடையின் மெல்லிய விளிம்பால் அளக்க வேண்டும். அகன்ற பகுதியை வைத்தால் அது தொடும் இடங்களில் தடித்ததன் விட்டத்தையே காட்டும்.

இந்த 2.50 மி.மீ. குறைவை மட்டும் பார்த்து ஷாங்க் எண் 2 என்று முடிவு கட்டக் கூடாது. அதே 50 மி.மீ.க்கு எண் 1இல் 2.49, எண் 3இல் 2.51 குறையும். கோட்டை அரை மி.மீ. தள்ளிப் போட்டாலே இதைவிடப் பெரிய பிழை வந்துவிடும். விட்டங்களில் அந்தக் குழப்பம் இல்லை: எண் 1க்கு 12.065, எண் 3க்கு 23.825. ஆகவே எண்ணை விட்டத்தைக் கொண்டு கண்டுபிடியுங்கள்; சரிவை அட்டவணையிலிருந்து எடுங்கள்.

அந்தச் சிறு வித்தியாசத்தை அலட்சியம் செய்யவும் முடியாது. எண் 2க்கான ஸ்லீவைக் கடையும்போது எண் 3இன் சரிவை வைத்துவிட்டால், 60 மி.மீ. நீளத்தில் விட்டம் 0.015 மி.மீ. பிசகும். உள்ளே போகும் ஷாங்க் ஒரு முனையில் மட்டுமே பிடிக்கும். டிரில்லைச் சுற்றும் விசையைத் தாங்க வேண்டியது சரிவுப் பரப்பின் பிடிப்பு. அது குறைந்தால் டிரில் வழுக்கும், விசை முழுவதும் வாலிலுள்ள தட்டையான டேங்க் மீது விழும், டேங்க் முறுக்கி உடையும்.

வெர்னியரில் தெரியாத இந்தப் பிசகை நீல மை காட்டிவிடும். ஷாங்க்கின் நீளவாக்கில் மூன்று கோடுகளாக மெல்லிய மை தடவி, சாக்கெட்டில் சொருகி, லேசாகத் திருப்பி எடுங்கள். மை நீளம் முழுக்கச் சீராகத் தேய்ந்திருந்தால் சரிவு பொருந்துகிறது. தடித்த முனையில் மட்டும் தேய்ந்திருந்தால் சாக்கெட்டைவிட ஷாங்க்கின் சரிவு கூடுதல். மெல்லிய முனையில் மட்டும் என்றால் குறைவு. சரிவு பொருந்தியும் சாக்கெட்டின் வாய் கேஜ் கோட்டுக்கு 1 மி.மீ. மேலே நின்றால், விட்டத்தில் 0.05 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது என்று பொருள்.