சேரும் தேதிக்கு ஒரு போன்

புதிய கம்பெனி 45 நாளில் சேரச் சொல்கிறது; பழைய இடத்திலோ 90 நாள் நோட்டீஸ். எச்ஆருக்கு நீளமான மெயில் வேண்டாம். “சேரும் தேதி, நோட்டீஸ் பை-அவுட் பற்றிப் பேச வேண்டும். நாளை மாலை 4 மணிக்கு மேல் 10 நிமிடம் கிடைக்குமா மேடம்?” போதும்.

அதற்குமுன் பழைய நியமனக் கடிதத்தைப் பாருங்கள். மீதி 45 நாளுக்குப் பிடித்தம் அடிப்படைச் சம்பளத்திலா, மொத்தத்திலா? மாத அடிப்படை 40,000 என்றால் 60,000 ரூபாய். மொத்தம் ஒரு லட்சம் என்றால் ஒன்றரை லட்சம். பணம் கட்டினாலும் மேனேஜர் சம்மதித்தால்தான் விடுவிப்போம் என்று பல கடிதங்களில் இருக்கும்.

“நாங்கள் தந்துவிடுகிறோம்” என்பார் எச்ஆர். எப்போது, வரி பிடித்தா, ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்களா? பேசியதை அன்றே மெயிலில் எழுதி, ஒப்புதல் வந்தபிறகே ராஜினாமா கொடுங்கள்.