காணாமல் போன இரண்டு குக்கர்கள்

பாத்திரக் கடையில் ஒரு குக்கரை 1,500 ரூபாய்க்கு விற்றால் பில்லில் 1,500 என்று விழும். அந்தக் குக்கர் கடைக்கு என்ன விலைக்கு அடங்கியது என்பது பில்லில் இருக்காது. ஆனால் லாபம் எவ்வளவு என்று சொல்ல அந்தத் தொகைதான் வேண்டும். விற்ற சரக்கின் அடக்கவிலை என்று அதைச் சொல்கிறோம். ஒவ்வொரு விற்பனையின்போதும் அதைக் குறித்துக்கொண்டே வரலாம்; இது தொடர் சரக்கிருப்பு முறை. விற்கும்போது அதைப் பற்றி நினைக்காமல் இருந்துவிட்டு, ஆண்டுக் கடைசியில் மிச்சத்தை எண்ணி, போனது எவ்வளவு என்று கணக்குப் போடவும் செய்யலாம். இது காலமுறைச் சரக்கிருப்பு முறை.

நம் ஊர்க் கடைகளில் பழகிப்போனது இரண்டாவதுதான். மார்ச் 31 நெருங்கினால் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து "ஸ்டாக் எடுத்துட்டீங்களா அண்ணாச்சி?" என்று போன் வரும். கடையில் வருஷம் முழுக்க வாங்கியதெல்லாம் கொள்முதல் கணக்கில் சேர்ந்திருக்கும். சரக்குக் கணக்கில் போன வருஷ இறுதித் தொகை அப்படியே உட்கார்ந்திருக்கும், யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். தொடக்கச் சரக்கோடு கொள்முதலைக் கூட்டி, எண்ணிப் பார்த்த இறுதிச் சரக்கின் மதிப்பைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கவிலை வந்துவிடும்.

ஒரே ரகக் குக்கரை மட்டும் எடுத்து ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதத் தொடக்கத்தில் 20 குக்கர், ஒன்று 1,000 ரூபாய். நடுவில் 30 வந்தது, விலை 1,200. பிறகு 20 வந்தது, விலை 1,225. ஆக 70 குக்கர், மொத்த அடக்கம் 80,500 ரூபாய். மாதக் கடைசியில் அலமாரியில் 14 இருக்கிறது. முதலில் வந்தது முதலில் போனது என்று கொண்டால், மிச்சமிருப்பவை கடைசியாக வந்த 1,225 ரூபாய்ச் சரக்கு, மதிப்பு 17,150. கழித்தால் விற்ற சரக்கின் அடக்கவிலை 63,350 ரூபாய்.

இதே மாதத்தைத் தொடர் முறையில் பார்ப்போம். இங்கே கொள்முதல் என்று தனிக் கணக்கு கிடையாது. வாங்கியது நேரே சரக்குக் கணக்கில் ஏறுகிறது. விற்கும்போது ஒவ்வொரு பில்லுக்கும் இரண்டு பதிவுகள் விழும். விற்ற தொகைக்கு ஒன்று. சரக்குக் கணக்கிலிருந்து அடக்கவிலையை இறக்கி, விற்ற சரக்கின் அடக்கவிலைக் கணக்கில் ஏற்றுவதற்கு இன்னொன்று. பார்கோடு வைத்த கடைகளில் ஸ்கேன் செய்த நொடியிலேயே இது முடிந்துவிடும். பில்களின்படி முதலில் 10, அடுத்து 20, கடைசியில் 24 என்று 54 குக்கர் விற்றிருக்கின்றன. அவற்றின் அடக்கவிலை 60,900 ரூபாய். கணக்குப்படி கடையில் 16 குக்கர் இருக்க வேண்டும்.

அலமாரியில் இருப்பதோ 14.

காலமுறைக் கணக்கு சொன்ன 63,350-க்கும் தொடர் கணக்கு சொன்ன 60,900-க்கும் உள்ள வித்தியாசம் 2,450 ரூபாய், சரியாக இரண்டு குக்கரின் விலை. காலமுறையில் விற்ற சரக்கு என்பது மிச்சத்தைக் கழித்து வரும் தொகை. கடையில் இல்லாததெல்லாம் விற்றுப்போனதாகவே அது எடுத்துக்கொள்கிறது. திருடு போனது, நசுங்கி எறிந்தது, சப்ளையர் குறைத்து அனுப்பியது, முதலாளியின் மச்சான் வீட்டுக்குப் போனது, எல்லாமே அந்த ஒரே தொகைக்குள் மறைந்துவிடும். 54 குக்கருக்கு வந்த விற்பனைப் பணம் 81,000. காலமுறையில் மொத்த லாபம் 17,650 என்று தெரியும். தொடர் முறையில் 20,100 லாபம், 2,450 சரக்கு நஷ்டம் என்று தனித்தனியாகத் தெரியும். கையில் நிற்பது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முதல் கணக்கைப் பார்க்கும் முதலாளி, விலை குறைத்து விற்றுவிட்டோமோ என்று யோசிப்பார். இரண்டாவதைப் பார்ப்பவர் அலமாரியை யார் கவனிக்கிறார்கள் என்று கேட்பார்.

குக்கர் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை என்றால், முதலில் வந்தது முதலில் என்ற கணக்கில் இரண்டு முறையும் ஒரே விடையைத் தரும். சராசரி விலை போடும் கடைகளில் அப்படி வராது. மாத முடிவில் ஒரே சராசரி எடுத்தால் குக்கர் 1,150 ரூபாய், 54-க்கு 62,100. ஒவ்வொரு லோடு வரும்போதும் சராசரியைத் திருத்திக்கொண்டே போனால் அடக்கவிலை 61,500. முதலில் விற்ற 10 குக்கர், விலை ஏறுவதற்கு முன்பே போனவை என்பதைப் பின்னது கணக்கில் கொள்கிறது, முன்னது கொள்வதில்லை.

காலமுறையின் பெரிய பலவீனம் இறுதிச் சரக்கு என்ற ஒற்றை எண்ணில் எல்லாம் தொங்குவதுதான். அதில் ஒரு ரூபாய் ஏற்றினால் லாபம் ஒரு ரூபாய் ஏறும். மார்ச் 30-ல் வந்த லோடைச் சரக்கில் எண்ணிவிட்டு அதன் பில்லை ஏப்ரலில் பதிந்தால், இந்த வருஷ லாபம் அந்தத் தொகைக்கு வீங்கும், அடுத்த வருஷம் அதே அளவு வற்றும். லாப விகிதம் ஒரு வருஷம் ஏறி அடுத்த வருஷம் இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இன்னொரு பழக்கமும் உண்டு. எண்ணுவதற்குச் சோம்பல்பட்டு, போன வருஷ லாப விகிதத்தை வைத்து இறுதிச் சரக்கைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதிவிடுவார்கள். டேலியில் கணக்கையும் சரக்கையும் இணைக்காமல் விட்டால் அந்தத் தொகையைக் கையாலேயே அடித்துவிடலாம். அப்படி எழுதினால் திருட்டு நஷ்டமாகக்கூடத் தெரியாது. இல்லாத குக்கர்கள் புத்தகத்தில் வருஷா வருஷம் குட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

தொடர் முறையிலும் எண்ணாமல் தப்ப முடியாது. புத்தகம் சொல்வது இருக்க வேண்டிய சரக்கு, அலமாரி சொல்வது இருக்கிற சரக்கு. பெரிய கடைகள் ஒரே நாளில் ஷட்டரை இறக்காமல் தினம் ஓர் அலமாரி என்று எண்ணி முடிக்கின்றன. எண்ணும்போது 5 லிட்டர் குக்கரில் ஒன்று குறைந்து, 3 லிட்டரில் ஒன்று கூடியிருந்தால் அது பெரும்பாலும் திருட்டு இல்லை. பில் போட்டவர் பக்கத்து ரகத்தை ஸ்கேன் செய்திருப்பார். கூடுதல் எங்கும் இல்லாமல் குறைச்சல் மட்டும் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கணினியில் இருப்பு மைனஸில் போனால், சரக்கு வந்திருக்கிறது, வரவு வைக்க மறந்துவிட்டார்கள் என்று பொருள். அந்த நிலையில் காட்டும் அடக்கவிலையையும் நம்ப முடியாது.

ஆணி, திருகாணி, பருப்பு என்று நிறுத்தும் அளந்தும் விற்கும் சில்லறைச் சரக்குக்குத் தொடர் முறை வைப்பது வீண் வேலை என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜிஎஸ்டி சட்டம் இப்போது அவர்களுக்கும் பெரிதாக விலக்குத் தருவதில்லை. தொகுப்பு வரித் திட்டத்தில் இல்லாத பதிவுபெற்ற வியாபாரி, வந்தது, போனது, தொலைந்தது, திருடு போனது, அழிந்தது, இலவசமாகக் கொடுத்தது, மிச்சம் என்று சரக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி விதி 56. தொலைந்த சரக்குக்கு வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது என்கிறது பிரிவு 17(5). அந்த இரண்டு குக்கருக்கும் எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். காலமுறைக் கணக்கை மட்டும் வைத்திருப்பவருக்கு எதைத் திருப்புவது என்பதே தெரியாது, அவர் புத்தகப்படி அவை விற்றுப்போய்விட்டனவே.