இன்வாய்ஸில் ஒரு தொகை, க்யூஆருக்குள்ள வேற தொகையா?

ஆபீஸ்ல ஒரு நிகழ்ச்சி நடத்தச் சொல்றாங்க. மேடை, ஒலி, பேனர் எல்லாம் போட்ட வெண்டர் ரூ.2,83,200-க்கு இன்வாய்ஸ் அனுப்புறார். நீங்க "சரிபார்த்தேன்"னு கையெழுத்துப் போட்டு அக்கவுண்ட்ஸுக்கு அனுப்புறீங்க. ரெண்டு மாசம் கழிச்சு அங்கிருந்து போன் வருது: "7,200 ரூபாய்க்கு ஜிஎஸ்டி கிரெடிட் வரல. நீங்கதானே அப்ரூவ் பண்ணீங்க?"

எங்க கிளையண்ட் ஒருத்தர் ஆபீஸ்ல கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. அந்த இன்வாய்ஸோட மூலையில இருந்த க்யூஆரை முதல்லயே ஸ்கேன் பண்ணியிருந்தா, ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் இன்னொரு நிறுவனத்துக்கு பில் போடும்போது, சில துறைகளைத் தவிர, அதை அரசின் இன்வாய்ஸ் பதிவு போர்ட்டலில் பதிவு செய்யணும். போர்ட்டல் ஐஆர்என் என்ற 64 எழுத்து எண்ணையும், டிஜிட்டல் கையொப்பமிட்ட க்யூஆரையும் திருப்பித் தரும். ஜிபேல காசு அனுப்ப ஸ்கேன் பண்ணுற க்யூஆர் வேற, இது வேற.

சாதாரண ஸ்கேனர்ல இதைப் பார்த்தா `eyJ`-னு ஆரம்பிக்கிற, தலையும் வாலும் புரியாத நீளமான எழுத்துக் கோர்வைதான் வரும். பயப்படாதீங்க, க்யூஆர் கெட்டுப் போகல. ஜிஎஸ்டி நெட்வொர்க்கே வெளியிட்டிருக்கிற e-Invoice QR Code Verifier ஆப்பில் ஸ்கேன் பண்ணுங்க. கையொப்பம் உண்மையானதான்னு அது சரிபார்க்கும். கண்ட கண்ட இணையதளத்துல அந்தக் கோர்வையை ஒட்டி உள்ளே இருக்கிறதை மட்டும் படிச்சா போதாது. போலி க்யூஆரும் அழகா படிக்க வரும்.

ஸ்கேன் பண்ணினா விற்பவர், வாங்குபவர் ஜிஎஸ்டிஐஎன், இன்வாய்ஸ் எண், தேதி, மொத்தத் தொகை, எத்தனை வரி ஐட்டம், முக்கிய ஹெச்எஸ்என் கோட், ஐஆர்என் ஆகியவை வரும். நம்ம வெண்டர் கதையில வந்தது இதுதான்:

```
"DocNo": "EV/118/24-25"
"TotInvVal": 236000
"ItemCnt": 3
```

காகிதத்துல நாலு ஐட்டம், ரூ.2,83,200. க்யூஆர்ல மூணு ஐட்டம், ரூ.2,36,000. வித்தியாசம் ரூ.47,200, அதாவது 40,000 ரூபாயும் அதுக்கு 18% வரியான 7,200-ம். வெண்டர் மோசடி பண்ணல. முதல்ல மூணு ஐட்டத்துக்கு பதிவு பண்ணிட்டு, நிகழ்ச்சி அன்னிக்குக் கேட்ட கூடுதல் லைட்டிங்கை அதே இன்வாய்ஸ்ல சேர்த்து மறுபடி பிரிண்ட் எடுத்திருக்கார். அரசுக்குப் போன கணக்கு பழையதுதான். அதனால உங்க கம்பெனியோட ஜிஎஸ்டிஆர்-2பி-யில 43,200-க்குப் பதில் 36,000 தான் வந்தது.

ஐஆர்என் ரெண்டு பிரிண்ட்லயும் ஒண்ணுதான். காரணம், அது விற்பவர் ஜிஎஸ்டிஐஎன், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் இந்த நாலை மட்டும் வெச்சு உருவாகிறது. அதுல தொகை கிடையாது. "ஐஆர்என் சரியா இருக்கு"ன்னு தொகையை நம்ப முடியாது. `TotInvVal`-ஐத்தான் பார்க்கணும்.

அது வரியோட சேர்ந்த மொத்தத் தொகை, வரி தனியா க்யூஆர்ல வராது. ஒரு ரூபாய்க்குள்ள வித்தியாசம் வந்தா பெரும்பாலும் ரவுண்ட் ஆஃப், விட்டுடலாம்.

சரி, வித்தியாசம் தெரிஞ்சா என்ன கேட்கணும்? பதிவான இ-இன்வாய்ஸை அந்தப் போர்ட்டல்ல திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள்ளன்னா ரத்து செய்யலாம், ஆனா அதே எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது, புது எண்ணில்தான் போடணும். அதைத் தாண்டிட்டா, கூடுதல் 40,000-க்கு தனி ஐஆர்என்னோட டெபிட் நோட் கேளுங்க. அது வர்ற வரைக்கும் 2,36,000-க்கு மட்டும் அப்ரூவ் பண்ணுங்க.

ஒருவேளை ரத்தான இன்வாய்ஸாகவே இருந்தா? பிரிண்ட்ல இருக்கிற க்யூஆர் அப்படியேதான் இருக்கும், அது தானா மாறாது. பெரிய தொகைன்னா இ-இன்வாய்ஸ் போர்ட்டல்ல ஐஆர்என் போட்டு, இன்னும் நடப்பில் இருக்கான்னு பார்த்துடுங்க.

இன்னொண்ணு, வங்கிக் கணக்கு எண் இந்த க்யூஆருக்குள்ள இல்லவே இல்லை. யாராவது மெயிலை இடைமறிச்சு பிடிஎஃப்ல கணக்கு எண்ணை மட்டும் மாத்தினா, ஆப் "சரி"ன்னுதான் சொல்லும். வெண்டர் புதுசா கணக்கு மாத்தியிருக்கேன்னு எழுதியிருந்தா, அந்த மெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்லாம, உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற நம்பருக்கு கூப்பிட்டுக் கேளுங்க.