கீழே நிற்கும் எண் யாருடையது?

மெஷின் லேர்னிங் பாடத்தில் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் என்பது நான்கு கட்டம் கொண்ட ஒரு சின்ன அட்டவணை. உண்மை எது, மாடல் சொன்னது எது என்ற இரண்டையும் எதிரெதிரே வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எண்ணி எழுதுவதுதான் அது. பிரிசிஷன், ரீகால் இரண்டையும் இந்த நான்கு எண்களிலிருந்தே வகுத்து எடுக்கிறார்கள். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனாலும் விடைத்தாள்களில் இரண்டு பிழைகள் ஓயாமல் வருகின்றன: பிரிசிஷனும் ரீகாலும் இடம் மாறிப்போவது, பின்னத்தின் கீழே, அதாவது பகுதியில், வேறு யாரோ ஒருவருடைய எண்ணிக்கை வந்து உட்கார்ந்துகொள்வது. பிழையான விடையும் சரியான விடையைப் போலவே 0.9 சொச்சமாக இருப்பதால், பார்த்த மாத்திரத்தில் பிடிபடுவதில்லை.

பாடங்களில் அதிகம் எடுத்தாளப்படும் ஒரு தரவுத்தொகுப்பை வைத்தே இதைப் பார்க்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்பகக் கட்டிகளிலிருந்து மெல்லிய ஊசியால் எடுத்த செல்களை அளந்து உருவாக்கிய தொகுப்பு அது. மொத்தம் 569 பேர். அவர்களில் 212 பேருக்குப் புற்றுக்கட்டி, 357 பேருக்குத் தீங்கற்ற கட்டி. பைத்தானின் scikit-learn நூலகத்திலேயே இது கிடைக்கிறது. கால் பங்கைத் தேர்வுக்கென ஒதுக்கினால் 143 பேர் வருவார்கள். அதில் 53 பேருக்குப் புற்று, 90 பேருக்குத் தீங்கற்றது என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக ஒரு மாடலின் முடிவையும் கற்பனையாக அமைத்துக்கொள்ளலாம்: புற்றுள்ள 53 பேரில் 47 பேரைக் கண்டுபிடித்தது, 6 பேரைத் தவறவிட்டது, தீங்கற்ற 90 பேரில் 87 பேரைச் சரியாக விட்டுவிட்டு, 3 பேருக்குப் புற்று என்று தவறாகச் சொன்னது.

இங்கே தேடப்படுவது புற்று. ஆகவே அதுதான் பாசிட்டிவ். 47 ட்ரூ பாசிட்டிவ், 3 ஃபால்ஸ் பாசிட்டிவ், 6 ஃபால்ஸ் நெகட்டிவ், 87 ட்ரூ நெகட்டிவ். இரண்டு விகிதங்களும் இவை:

```
precision = TP / (TP + FP) = 47 / 50 = 0.940
recall    = TP / (TP + FN) = 47 / 53 = 0.887
```

மேலே நிற்கும் 47 இரண்டுக்கும் பொது. வேறுபாடு முழுவதும் கீழேதான். 53 என்பது உண்மையில் புற்றுள்ளவர்களின் கூட்டம். 50 என்பது மாடல் ‘புற்று’ என்று கைகாட்டியவர்களின் கூட்டம். இந்த இரண்டு கூட்டங்களும் வேறு வேறு என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

விடையைச் சரிபார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ரீகாலின் பகுதி. 53 என்பது மாடல் ஓடுவதற்கு முன்பே தெரிந்த எண். மாடலை மாற்றினாலும், முடிவெடுக்கும் எல்லையை மாற்றினாலும், தேர்வுத் தொகுப்பு அதுவேயாக இருக்கும்வரை அது அசையாது. பிரிசிஷனின் பகுதியோ மாடல் எத்தனை பேரைக் கைகாட்டுகிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். ஆகவே ஒரு மாணவர் இரண்டு மாடல்களுக்கு ரீகால் கணக்கிட்டிருந்து, ஒன்றில் கீழே 50, இன்னொன்றில் கீழே 61 என்று போட்டிருந்தால், மேலே என்ன எழுதியிருந்தாலும் அது ரீகால் அல்ல. விடைத்தாளில் பின்னத்தையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். வெறும் தசமத்தை மட்டும் கேட்கும் வினா, பிழையின் தடயத்தைத் தானே அழித்துவிடுகிறது.

பின்னம் இல்லாமல் தசமம் மட்டும் கையில் இருந்தாலும் வழி உண்டு. தவறான எச்சரிக்கையும் தவறவிட்டதும் எத்தனை என்று ஒப்பிட்டாலே போதும். ஃபால்ஸ் பாசிட்டிவ் 3, ஃபால்ஸ் நெகட்டிவ் 6. எச்சரிக்கைப் பிழை குறைவு என்பதால் பிரிசிஷன்தான் பெரிதாக இருக்க வேண்டும். ரீகால் 0.94, பிரிசிஷன் 0.887 என்று எழுதியிருந்தால், வகுத்துப் பார்க்காமலேயே இடம் மாறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு சோதனை, தசமத்தைத் திரும்பப் பெருக்கிப் பார்ப்பது. ரீகால் என்று சொல்லப்படும் எண்ணை 53-ஆல் பெருக்கினால் முழு எண் வர வேண்டும், ஏனென்றால் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் தலைதலையாக எண்ணப்பட்டவர்கள். 0.887-ஐப் பெருக்கினால் 47.01, மூன்றாம் இலக்கத்தில் நிறுத்தியதால் வந்த துளி வித்தியாசம்தான் அது. 0.940-ஐப் பெருக்கினால் 49.82. 53 பேரில் எத்தனை பேரைப் பிடித்தாலும் 0.940 வரவே வராது. சிறிய தேர்வுத் தொகுப்பில் இந்தச் சோதனை கச்சிதமாக வேலை செய்யும். ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தால் மூன்று இலக்கத் தசமம் எதற்கும் ஏதாவது ஒரு முழு எண் பொருந்திவிடும். அங்கே இதை நம்ப முடியாது.

எஃப்1 மதிப்பெண்ணை வைத்து இடமாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். அதன் சூத்திரத்தை விரித்தால் `2TP / (2TP + FP + FN)` என்று வரும். ஃபால்ஸ் பாசிட்டிவும் ஃபால்ஸ் நெகட்டிவும் அதில் கூட்டலாக மட்டுமே நிற்பதால், இரண்டையும் மாற்றிப் போட்டாலும் விடை அதே 94/103, அதாவது 0.913. அக்யூரசியும் அப்படித்தான்: 134/143, எப்படி மாற்றினாலும் 0.937. இந்த இரண்டும் சரியாக இருப்பதைப் பார்த்து மற்ற இரண்டும் சரி என்று முழு மதிப்பெண் போடுவது, திருத்துபவர் பக்கம் நேரும் பிழை.

கையால் போட்ட கணக்கைவிட நிரலில் வரும் இடமாற்றம் இன்னும் மறைவானது. scikit-learn-இல் அட்டவணையைக் கேட்டால் வருவது இது:

```
confusion_matrix(y_test, y_pred)
# array([[47,  6],
#        [ 3, 87]])
```

இதில் வரிசைகள் உண்மை, நெடுவரிசைகள் மாடல் சொன்னது. சில பாடநூல்கள் இதைத் திருப்பி, மாடல் சொன்னதை வரிசையில் வைக்கின்றன. சில நூல்கள் ட்ரூ பாசிட்டிவை இடது மேல் மூலையில் வைக்கின்றன. இந்த நூலகமோ வகைக் குறிகளை ஏறுவரிசையில் அடுக்குவதால், 0, 1 என்ற இரண்டு குறிகளில் 1 பாசிட்டிவாக இருந்தால் ட்ரூ பாசிட்டிவ் வலது கீழ் மூலைக்குப் போய்விடும். இரண்டு உள்ளீடுகளையும் மாற்றி, `y_pred` முதலில் கொடுத்துவிட்டாலும் நிரல் குறுக்கே நிற்காது. 6-உம் 3-உம் மட்டும் இடம் மாறும், அதோடு பிரிசிஷனும் ரீகாலும் மாறிப்போகும். இதைப் பிடிக்க வரிசைகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டல் 53, 90 என்று வந்தால் வரிசை உண்மையைக் குறிக்கிறது. 50, 93 என்று வந்தால் அட்டவணை திரும்பியிருக்கிறது.

மார்பகக் கட்டித் தொகுப்பில் இன்னொரு பொறியும் உண்டு, மிக முக்கியமானதும் அதுதான். அதில் புற்றுக்கட்டிக்குக் குறி 0, தீங்கற்றதற்குக் குறி 1. பிரிசிஷன், ரீகால் கணக்கிடும் நிரல்கூறுகள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் 1-ஐப் பாசிட்டிவாக எடுத்துக்கொள்ளும். ஆகவே மாணவர் சாதாரணமாகக் கேட்டால் கிடைப்பது தீங்கற்ற கட்டியின் விகிதங்கள்: பிரிசிஷன் 87/93, அதாவது 0.935, ரீகால் 87/90, அதாவது 0.967. பிரிசிஷன் சரியான 0.940-க்கு மிக அருகில் இருப்பதால் சந்தேகமே எழாது. ரீகாலோ 0.887-லிருந்து 0.967-க்கு உயர்ந்துவிடுகிறது. புற்றுள்ள 6 பேரைத் தவறவிட்ட மாடல், 100-க்கு 97 பேரைக் கண்டுபிடிப்பதாக அறிக்கையில் ஏறிவிடும். எந்த வகை பாசிட்டிவ் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே தீர்வு:

```
precision_score(y_test, y_pred, pos_label=0)
recall_score(y_test, y_pred, pos_label=0)
```

`classification_report` கேட்டால் இரு வகைக்கும் தனித்தனி வரி வரும். அதில் `support` என்ற கடைசி நெடுவரிசை உண்மையில் அந்த வகையில் இருப்பவர்களின் எண்ணிக்கை. அதாவது அந்த வரியின் ரீகாலுக்குப் பகுதி அதுவே. பக்கத்தில் 90 என்று இருந்தால் பார்த்துக்கொண்டிருப்பது புற்றின் வரி அல்ல.

இனி தவறான பகுதி. மொத்த 143-ஆல் வகுப்பது இதில் எளிதில் பிடிபடும் வகை. 47/143 என்றால் 0.329, அது பிரிசிஷனும் இல்லை, ரீகாலும் இல்லை. இந்தக் கணக்கில் ரீகால் 53/143-ஐ, அதாவது 0.371-ஐத் தாண்டவே முடியாது. குறையே இல்லாத மாடலுக்கும் முழு 1 கிடைக்காத அளவை ரீகால் என்று சொல்ல வழியில்லை.

இதைவிட நுட்பமாக நழுவுவது ஃபால்ஸ் பாசிட்டிவ் ரேட். தவறான எச்சரிக்கை 3 என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், கீழே என்ன போடுவது என்பதில்தான் சறுக்குகிறார்கள். சரியான பகுதி, உண்மையில் தீங்கற்ற 90 பேர்: 3/90, அதாவது 0.033. பல விடைத்தாள்களில் 3/50, அதாவது 0.06 என்று வரும். அது வேறொரு கேள்விக்கு உரிய விடை: புற்று என்று சொல்லப்பட்டவர்களில் எத்தனை பங்கு பேருக்குப் புற்று இல்லை என்பதற்கு. இங்கே ஒரு எளிய கூட்டல் உதவும். பிரிசிஷனோடு கூட்டினால் சரியாக 1 வருகிறதென்றால், எழுதியிருப்பது ஃபால்ஸ் பாசிட்டிவ் ரேட் அல்ல, பிரிசிஷனின் மிச்சம். 0.94-உம் 0.06-உம் சேர்ந்து 1 ஆவதைக் கவனிக்கலாம். ஃபால்ஸ் பாசிட்டிவ் ரேட்டோடு சேர்ந்து எப்போதும் 1 ஆவது, தீங்கற்றவர்களில் சரியாக விடப்பட்டவர்களின் பங்கான 87/90 மட்டுமே.

எண்களை நம்ப முடியாதபோது சூத்திரத்தையே ஓரத்துக்குத் தள்ளிப் பார்க்கலாம். எல்லோரையும் ‘புற்று’ என்று சொல்லும் ஒரு மாடலை நினைத்துக்கொண்டால், ஒருவரையும் தவறவிடாததால் ரீகால் 1. பிரிசிஷன் 53/143, அதாவது 0.371. மாணவரின் சூத்திரம் இந்த இடத்தில் பிரிசிஷனுக்கு 1 கொடுத்தால் அது ரீகாலின் சூத்திரம். யாரையுமே கைகாட்டாத மாடலில் ரீகால் 0, பிரிசிஷன் 0/0. அந்த நிலையில் பிரிசிஷனுக்கு மதிப்பே கிடையாது. Scikit-learn ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு 0 என்று போடும். அந்த 0-வை மாடலின் தரம் என்று விடைத்தாளில் எழுதுவது பொருளற்றது.

எல்லையைப் படிப்படியாகத் தளர்த்திய அட்டவணை கொடுக்கப்பட்டிருந்தால் வேலை இன்னும் சுலபம். எல்லையைத் தளர்த்தினால் கைகாட்டப்படுபவர்கள் கூடுவார்கள். முன்பு பிடிபட்டவர் எவரும் வெளியே போகமாட்டார். 47 பேர் பிடிபட்ட இடத்தில் 50 பேர், பிறகு 52 பேர் என்றால் ரீகால் 0.887, 0.943, 0.981 என்று ஏறும். தவறான எச்சரிக்கை 3-லிருந்து 10, 28 என்று கூடினால் பிரிசிஷன் 0.940, 0.833, 0.650 என்று இறங்கும். பிரிசிஷன் எப்போதும் இறங்கியே தீர வேண்டும் என்பதில்லை, இடையில் ஏறவும் செய்யலாம். ரீகால் மட்டும் ஒருபோதும் இறங்காது. எல்லை தளரத் தளர ‘ரீகால்’ என்ற நெடுவரிசை சரிந்துகொண்டே வந்தால், தலைப்பு மாறியிருக்கிறது.

ஃபால்ஸ் பாசிட்டிவும் ஃபால்ஸ் நெகட்டிவும் சமமாக அமைந்துவிட்டால் பிரிசிஷனும் ரீகாலும் ஒரே எண்ணாகிவிடும். அப்போது பெரியது எது என்ற ஒப்பீடும் பெருக்கல் சோதனையும் பயன்படாது; தலைகீழான சூத்திரம் போட்டவருக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும். தேர்வுக்கு எண்களை அமைப்பவர் இந்தச் சமநிலையைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாத இடத்தில், ‘இந்தப் பின்னத்தின் கீழே நிற்பவர்கள் யார்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லி, அந்த வரிக்கே மதிப்பெண் வைக்கலாம்.