கம்பெனியும் காகிதமும் – 9: வண்டலூரைத் தாண்டினால் தீர்மானம் மாறும்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம் பேருந்து முனையம், அடுத்து ஊரப்பாக்கம். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்குத் தன் பதிவு அலுவலகத்தை மாற்ற நினைக்கும் கம்பெனி, வேன் பிடிப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த முடிவை இயக்குநர் குழுவே எடுத்துவிடலாமா, பங்குதாரர்களையும் கேட்க வேண்டுமா?

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 12ஆவது பிரிவில் இதற்கு விடை சொல்கிறது. அலுவலகம் இருக்கும் நகரம், பேரூர் அல்லது கிராமத்தின் எல்லைக்குள்ளேயே இடம் மாறினால் இயக்குநர் குழுவின் தீர்மானம் போதும். எல்லையைத் தாண்டினால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது எதிர்ப்பு வாக்குகளைப் போல மூன்று மடங்காவது ஆதரவு வாக்குகள் விழ வேண்டும். எத்தனை கிலோமீட்டர் என்பது கணக்கில்லை.

இங்கேதான் தென்சென்னைப் புறநகரின் உள்ளாட்சி வரைபடம் கம்பெனி விவகாரத்துக்குள் நுழைகிறது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம் போன்ற பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. அதற்கு முன் பம்மலிலிருந்து சேலையூருக்கு அலுவலகம் மாறினால் அது ஒரு நகராட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. இணைந்த பிறகு அது ஒரே மாநகராட்சிக்குள் நடக்கும் மாற்றம். இயக்குநர்கள் கூடி முடித்துவிடலாம். வண்டலூரும் ஊரப்பாக்கமும் அந்த இணைப்பில் சேரவில்லை; கிராம ஊராட்சிகளாகவே தொடர்ந்தன. அதனால் தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வருவது சட்டத்தின் கண்ணில் எல்லை தாண்டுவதுதான்.

ஓர் உதாரணக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ராஜகீழ்ப்பாக்கத்தில் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் தனியார் கம்பெனி. இயக்குநர்கள் இருவர், ஒருவர் உள்ளூர், இன்னொருவர் சிங்கப்பூரில். மூன்றாவதாக ஓர் இயக்குநரைச் சேர்க்க வேண்டும், அலுவலகத்தை ஊரப்பாக்கத்தில் வாடகைக்குப் பிடித்த இடத்துக்கு மாற்ற வேண்டும். கூட்டம் ஜூன் 12 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் காகிதம் நோட்டீஸ். கூட்டத்துக்குக் குறைந்தது 7 நாள் முன்பாக, எழுத்து மூலம், ஒவ்வோர் இயக்குநருக்கும், கம்பெனியில் பதிந்துள்ள முகவரிக்குப் போக வேண்டும். கையில் கொடுக்கலாம், தபாலில் அனுப்பலாம், இமெயிலிலும் அனுப்பலாம். கம்பெனி செயலாளர்களுக்கான எஸ்.எஸ்.-1 என்ற தரநெறி, தபாலிலோ கூரியரிலோ அனுப்பினால் இன்னும் 2 நாள் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே நம் கம்பெனி ஜூன் 1ஆம் தேதியே இமெயில், ஸ்பீடு போஸ்ட் இரண்டிலும் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றைக் கோப்பில் வைக்கிறது. நோட்டீஸில் நாள், நேரம், இடம் இருக்க வேண்டும். வீடியோ வழியாகக் கலந்துகொள்ளும் வசதி இருந்தால் அதுவும் இருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் 'இயக்குநர் நியமனம்' என்று மட்டும் எழுதினால் போதாது. யாரை, எந்தப் பொறுப்பில், எந்தத் தேதியிலிருந்து என்ற குறிப்பும், புது அலுவலகத்தின் முழு முகவரியும் கூடவே போக வேண்டும்.

சிங்கப்பூரில் இருப்பவர் வரப்போவதில்லை என்று அவருக்கு அனுப்பாமல் விட்டால் என்ன ஆகும்? உச்ச நீதிமன்றம் 1973இல் பரமேஸ்வரி பிரசாத் குப்தா வழக்கில் இதைத்தான் பார்த்தது. ஒரு பொது மேலாளரை நீக்க 1953 டிசம்பரில் கூடிய இயக்குநர் குழுவின் கூட்டத்துக்கு ஓர் இயக்குநருக்கு மட்டும் நோட்டீஸ் போகவில்லை. அந்தக் கூட்டம் செல்லாது என்றது நீதிமன்றம். ஆனால் சில நாள் கழித்து நடந்த இன்னொரு கூட்டம் அந்த முடிவை உறுதிசெய்திருந்தது. அதனால் நீக்கம் நின்றது. நோட்டீஸில் விழுந்த ஓட்டையை அடைக்க முறையாகக் கூடிய இன்னொரு கூட்டத்தால் முடியும் என்பது இதிலிருந்து கிடைக்கும் வழி. தேதியைப் பின்னுக்குத் தள்ளி எழுதுவது வழியே அல்ல.

நோட்டீஸும் புது இயக்குநர் நியமனமும் ஒரே வழக்கில் மோதியது நீலகிரியில். கேத்தியில் ஊசி தயாரித்து வந்த நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில், 1973இன் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டியிருந்தது. 1977 ஏப்ரல் 6இல் கூடிய இயக்குநர் குழு 16,000 புதுப் பங்குகளை இருக்கும் பங்குதாரர்களுக்கே வழங்க முன்வந்தது. ஹோல்டிங் கம்பெனியின் சார்பில் இங்கிலாந்தில் இருந்த சாண்டர்ஸுக்கு அதற்கான கடிதம் ஏப்ரல் 14 என்று தேதியிடப்பட்டிருந்தது. உறையில் இருந்த தபால் முத்திரை ஏப்ரல் 27. அது அவர் கைக்குப் போன நாள் மே 2. பங்குகளை ஒதுக்கும் கூட்டம் கேத்தியில் நடந்ததும் அதே மே 2தான். அந்தக் கூட்டத்தின் தொடக்கத்தில் சில்வர்ஸ்டன் என்பவர் கூடுதல் இயக்குநராக நியமிக்கப்பட்டு, உடனே மற்ற முடிவுகளிலும் பங்கேற்றார்.

1981 மே 7இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் பங்கு ஒதுக்கீட்டை ரத்து செய்யவில்லை. ஆனால் ஹோல்டிங் கம்பெனிக்கு வந்திருக்க வேண்டிய 9,495 பங்குகளால் மற்றப் பங்குதாரர்களுக்குக் கிடைத்த லாபத்தைத் திருப்பித் தரச் சொன்னது. பங்கின் மதிப்பு 190 ரூபாய், கொடுத்த விலை 100; பங்குக்கு 90 வீதம் 8,54,550 ரூபாய். அன்று நடப்பிலிருந்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் நோட்டீஸுக்குக் குறைந்தபட்ச நாள் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் இயக்குநருக்கு இந்தியாவில் உள்ள அவருடைய வழக்கமான முகவரிக்கு அனுப்பினாலே போதும். இன்றுள்ள 7 நாளும் இமெயிலும் 2013 சட்டத்தில்தான் வந்தன.

நம் கம்பெனிக்குத் திரும்புவோம். ஜூன் 12 கூட்டத்துக்கு மொத்த எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இருவர், இதில் எது கூடுதலோ அவ்வளவு பேர் வேண்டும். இருக்கும் இயக்குநர்களே இருவர் என்பதால் இருவரும் வந்தாக வேண்டும். சிங்கப்பூர்க்காரர் வீடியோவில் வருகிறார். புதிதாக வரப்போகிறவர் இந்தக் கட்டத்தில் இயக்குநர் அல்ல. அவர் உட்கார்ந்திருந்தால் மினிட்ஸில் 'சிறப்பு அழைப்பாளர்' என்று எழுத வேண்டும். கேத்தி வழக்கைப் போல முதல் பொருளாக அவரை நியமித்து அடுத்த பொருளுக்கு வாக்களிக்க வைப்பதைவிட, நியமனத்தைக் கடைசியில் வைப்பது சச்சரவைக் குறைக்கும்.

நியமனத்துக்கு முன்பே மூன்று விஷயம் கையில் இருக்க வேண்டும். அவருக்கு இயக்குநர் அடையாள எண்ணான DIN இருக்க வேண்டும். சம்மதம் தெரிவிக்கும் DIR-2, தகுதியிழப்பு இல்லை என்று உறுதி கூறும் DIR-8 ஆகிய இரண்டிலும் அவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கூடுதல் இயக்குநரைச் சேர்க்கும் அதிகாரம் கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இயக்குநர் குழுவால் நியமிக்கவே முடியாது. அப்படி வருகிறவரின் பதவி அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் வரைதான். அலுவலக மாற்றத்துக்காக எப்படியும் பங்குதாரர்கள் கூடப்போவதால், அந்தக் கூட்டத்திலேயே அவரை முறைப்படி தேர்ந்தெடுத்துவிடலாம்.

மினிட்ஸில் தீர்மானம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கம்பெனியின் பதிவு அலுவலகத்தைத் தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் உள்ள தற்போதைய முகவரியிலிருந்து ஊரப்பாக்கம் ஊராட்சியில் உள்ள ……… முகவரிக்கு ஜூலை 15 முதல் மாற்றுவதென்று, பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானத்துக்கு உட்பட்டுத் தீர்மானிக்கப்பட்டது. இதற்கான சிறப்புப் பொதுக்கூட்டத்தை ஜூலை 8 அன்று கூட்டவும் தீர்மானிக்கப்பட்டது."

இதில் 'உட்பட்டு' என்ற சொல்தான் முக்கியம். அது விடுபட்டால், தனக்கு இல்லாத அதிகாரத்தில் இயக்குநர் குழு முடிவெடுத்ததாக ஆகிவிடும்.

மினிட்ஸ் எழுதவும் காலக்கெடு உண்டு. வரைவை 15 நாளுக்குள், அதாவது ஜூன் 27க்குள், எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்ப வேண்டும். கருத்துச் சொல்ல அவர்களுக்கு 7 நாள். கூட்டம் முடிந்த 30 நாளுக்குள், ஜூலை 12க்குள், மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். பக்கங்களுக்கு வரிசை எண் இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் தலைவர் சுருக்கொப்பமிட்டு, கடைசிப் பக்கத்தில் தேதியோடு கையெழுத்திட வேண்டும். தனியாக அச்சிட்ட தாளைப் புத்தகத்தில் ஒட்டக் கூடாது.

இதன் பிறகு கம்பெனிப் பதிவாளருக்கு மூன்று படிவங்கள். நியமனத்துக்கு DIR-12, ஜூலை 12க்குள். ஜூலை 8இல் நிறைவேறும் சிறப்புத் தீர்மானத்துக்கு MGT-14, ஆகஸ்ட் 7க்குள். ஜூலை 15இல் நடக்கும் இடமாற்றத்துக்கு INC-22, ஆகஸ்ட் 14க்குள். INC-22உடன் வாடகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், 2 மாதத்துக்கு மேல் பழையதாகாத மின் கட்டண ரசீது ஆகியவை போக வேண்டும். கட்டடத்தின் வெளித்தோற்றமும், உள்ளே ஓர் இயக்குநர் இருக்கும் படமும் வேண்டும்.

உட்கார்ந்து கூட்டம் நடத்தாமல், வேலை முடிந்த பிறகு பழைய தேதியில் மினிட்ஸ் எழுதும் பழக்கம் பல சிறு கம்பெனிகளில் உண்டு. அது பிடிபடுவது இந்த இணைப்புகளில்தான். ஜூன் 12 தீர்மானத்தில் பெயர் வந்தவருக்கு DIN கிடைத்ததே ஜூன் 20 என்றால், அவருடைய எண் தீர்மானத்துக்குள் எப்படி வந்தது? சம்மதப் படிவத்தின் தேதி நியமனத்துக்குப் பிந்தையது என்றாலும் இதே சிக்கல். வாடகை ஒப்பந்தத்துக்கான முத்திரைத்தாள் பின்னால் விற்கப்பட்டிருந்தால், பத்திர விற்பனையாளரின் முத்திரையே தேதியைச் சொல்லிவிடும். சிங்கப்பூரில் இருந்தவர் நேரில் வந்ததாக எழுதியிருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை எதிர்சாட்சி. மினிட்ஸைத் திருத்தியதாக நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறையும், 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. நோட்டீஸே கொடுக்காமல் விட்ட அதிகாரிக்கு 25,000 ரூபாய்.

தாம்பரம் எல்லை 2021இல் மாறியது. புறநகரில் உள்ளாட்சி எல்லைகள் இனியும் மாறலாம். அதனால் பழைய வழக்கத்தை நம்பாமல், இரண்டு முகவரிகளின் சொத்து வரி ரசீதையும் எடுத்து, எந்த உள்ளாட்சி வசூலிக்கிறது என்று பார்த்துவிட்டு நோட்டீஸை எழுதுங்கள்.

(தொடரும்)