21 படங்கள், 6,300 பவுண்டு

இங்கிலாந்தில் வீட்டின் கூரைக்கடியில் உள்ள பரணை அறையாக மாற்றிக் கட்டித்தருவது ஒரு தனித் தொழில். அந்தத் தொழிலில் இருந்த ஆர்ட்டிசன் என்ற நிறுவனம் தன் இணையதளத்தில் 21 படங்களைப் போட்டிருந்தது. பார்ப்பவர்கள் அத்தனையும் இவர்கள் கட்டிய அறைகள் என்றே நினைப்பார்கள். உண்மையில் அவை லண்டனைச் சேர்ந்த அப்சொல்யூட் லாஃப்ட்ஸ் என்ற நிறுவனத்தின் வேலைகள். படங்களின் பதிப்புரிமையும் அவர்களுடையதே.

புகார் வந்ததும் ஆர்ட்டிசன் படங்களை நீக்கிவிட்டது. ஆனால் படத்தை எடுத்துவிட்டால் அது தளத்தில் இருந்த நாட்களுக்கான பொறுப்பும் போய்விடாது. வழக்கு நீதிபதி ஹேக்கன் முன் வந்து, 2015இல் தீர்ப்பானது.

நஷ்டஈட்டை எப்படிக் கணக்கிடுவது? முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தால், கொடுக்க மனமுள்ள ஒருவரும் வாங்க மனமுள்ள ஒருவரும் பேரம் பேசி எந்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று நீதிமன்றம் யோசித்துப் பார்க்கிறது. படத்தின் உரிமையாளர் தொழில்முறைக் கலைஞர்களின் கட்டணத்தைக் காட்டி வாதாடினார். ஆனால் ஆர்ட்டிசனோ, நீக்கிய படங்களுக்குப் பதிலாகப் படவங்கி ஒன்றில் சுமார் 300 பவுண்டுக்கு வேறு படங்களை வாங்கிப் போட்டிருந்தது. அவ்வளவு மலிவாக மாற்று கிடைக்கும்போது அதைவிட அதிகமாக யார் கொடுப்பார்கள்? நஷ்டஈடு 300 பவுண்டுதான் என்றார் நீதிபதி.

வழக்கு அதோடு முடிந்திருந்தால், திருடிப் போட்டு மாட்டிக்கொண்டால் வாடகையைக் கொடுத்துவிடலாம் என்றாகியிருக்கும். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 97ஆவது பிரிவு அதற்கு இடம் தரவில்லை. மீறல் எவ்வளவு அப்பட்டமானது, அதனால் மீறியவருக்கு என்ன ஆதாயம் என்று பார்த்து, கூடுதல் நஷ்டஈடு விதிக்க அது வழிசெய்கிறது. அடுத்தவர் கட்டிய அறையைத் தன் கைவேலை என்று காட்டி வாடிக்கையாளரை ஈர்த்ததற்காக ஆர்ட்டிசன் மேலும் 6,000 பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று. என் பார்வையில் தீர்ப்பின் உயிர் இந்த இரண்டாவது தொகையில்தான் இருக்கிறது.

முதல் தொகை எப்போதும் சிறியதாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2013இல் தீர்ப்பான வழக்கு ஒன்றில், ஒரு தொழில்முறைப் புகைப்படக் கலைஞர் எடுத்த படத்தை ஓர் இரவு விடுதியின் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கொடுக்க முன்வந்தது 150 பவுண்டு. நீதிமன்றம் நிர்ணயித்தது 5,682 பவுண்டுக்கும் சற்று மேல். பாடகி கேஷாவோடு நெருக்கமாகப் பழக வாய்த்ததால் கிடைத்த படம் அது. அதற்கு மாற்று எந்தப் படவங்கியிலும் இல்லை.

"பதிப்புரிமை இருக்கும் என்று எனக்குத் தெரியாது" என்பது சட்டத்தில் ஒரு எதிர்வாதம்தான். ஆனால் அப்படி நினைக்க நியாயமான காரணம் இருந்திருக்கவே கூடாது. கூகுளில் கிடைத்தது என்று சொன்னால் அது நிற்காது. கலைஞரின் பக்கம் வழக்கை உறுதியாக்குவது, இதே மாதிரிப் படத்துக்கு முன்பு மற்றவர்களிடம் உண்மையில் வாங்கிய தொகையின் பில்கள். விலைப்பட்டியலில் எழுதி வைத்த தொகைக்கு, அதை யாராவது கொடுத்திருந்தால்தான் மதிப்பு.