விலகிப் போனவர் என்ன ஆனார்?

1989 ஆகஸ்டில் டோக்கியோ பெருநகர அரசு, ஓம் ஷின்ரிக்கியோ என்ற புதிய அமைப்பைச் சட்டப்படி ஒரு மதமாகப் பதிவு செய்தது. வரிச்சலுகையும் கிடைத்தது, மரியாதையும் கிடைத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் அந்த அமைப்பைவிட்டு விலக விரும்பிய ஒரு சீடரை, சக சீடர்களே குருவின் உத்தரவுப்படி கொன்று உடலை எரித்திருந்தார்கள். பதிவு செய்த அதிகாரிகளுக்கு அது தெரியாது. எதிர்ப்பு தெரிவித்த பெற்றோர்களுக்கும் தெரியாது.

எது மதம், எது ‘கல்ட்’ என்று கேட்டால் நாம் பொதுவாகச் சில அடையாளங்களைச் சொல்வோம். பழையது என்றால் மதம், நேற்று முளைத்தது என்றால் கல்ட். தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் நடுவில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், கல்ட்தான். நம்பிக்கைகள் விசித்திரமாக இருந்தாலும் அப்படியே. இந்த அடையாளங்கள் எவ்வளவு தூரம் உதவும் என்று பார்க்க, அதே ஜப்பானில் ஒன்றரை நூற்றாண்டு முன்னால் போக வேண்டும்.

1838. இன்றைய நாரா மாவட்டத்தில் ஒரு கிராமம். நகயாமா மிகி, நாற்பது வயதுப் பெண், வசதியான விவசாயக் குடும்பத்து மருமகள். மகனுக்குக் கால்வலி. வலி தீர அருளாடிப் பரிகாரம் செய்யும் துறவி ஒருவரை அழைத்தார்கள். வழக்கமாகச் சாமி வந்து இறங்கும் பெண் அன்று வரவில்லை. அவருக்குப் பதிலாக மிகி உட்கார்ந்தார். அவர் மேல் இறங்கிய சாமி, இவளை எனக்குக் கோயிலாகக் கொடு என்று கேட்டது. மூன்று நாள் வீடு தவித்தது. கடைசியில் கணவர் சம்மதித்தார்.

அதற்குப் பிறகு மிகி செய்ததெல்லாம் எந்தக் குடும்பத்தையும் பதற வைக்கும். வீட்டுச் சொத்தை இல்லாதவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். கணவர் இறந்தபின் பெரிய வீட்டையே பிரித்தார்கள். குடும்பம் வறுமைக்கு வந்தது. ஊர் சிரித்தது. ஆனால் பிரசவத்துக்கு அவர் அருள் பெற்ற பெண்கள் நலமாகப் பிள்ளை பெற்றார்கள் என்ற பேச்சு மெல்லப் பரவியது. தீட்டு, விலக்கு எதுவும் பார்க்க வேண்டாம் என்று அவர் சொன்னதும் பெண்களை ஈர்த்தது. முதலில் வந்தவர்கள் தத்துவம் தேடி வரவில்லை, வயிற்றுப்பிள்ளையோடும் தீராத நோயோடும் வந்தார்கள். புதிய மதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. ஊரில் இருக்கிற கோயிலும் குருக்களும் பதில் சொல்லாத ஒரு துன்பம் இருக்கும்; அதற்கு ஒருவர் பதில் சொல்வார்; உறவினரும் அக்கம்பக்கமும் மூலமாக அது பரவும்.

மெய்ஜி அரசின் போலீஸ் மிகியைப் பலமுறை பிடித்து அடைத்தது. கடைசிமுறை கடுங்குளிரில், எண்பது வயதைத் தாண்டிய பின். பத்திரிகைகள் அவருடைய தென்ரிக்கியோவை மூடக்கூட்டம் என்று தாக்கின. 1896இல் உள்துறை அமைச்சகமே அதைக் கட்டுப்படுத்த உத்தரவு போட்டது. அன்றைய ஜப்பானில் ‘கல்ட்’ என்ற சொல் இருந்திருந்தால் அதை மிகிக்கே சூட்டியிருப்பார்கள்.

1887இல் அவர் இறந்தபோது உண்மையான சோதனை வந்தது. மனிதனின் இயல்பான ஆயுள் 115 ஆண்டு என்று சொன்னவர், ஜப்பானியக் கணக்கில் 90 வயதில் போய்விட்டார். சொன்ன வாக்கு பலிக்கவில்லை, குருவும் இல்லை. இந்த இடத்தில் பல கூட்டங்கள் கலைந்துவிடும். இங்கே இபுரி இசோ என்ற தச்சர் வாய்வழியாகச் செய்தி வந்தது: தன் ஆயுளில் 25 ஆண்டை அவரே குறைத்துக்கொண்டார், உடல்தான் மறைந்தது, அவர் இங்கேயே இருக்கிறார். இன்றும் தென்ரி நகரத்து ஆலயத்தில் அவருக்கு மூன்று வேளை உணவு படைக்கிறார்கள், குளிக்க நீர் தயார் செய்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் சமாளிப்பு என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் விளைவைப் பாருங்கள். இனி புதிதாக எதையும் கேட்க முடியாத ஒருவரிடம் அதிகாரம் போய்ச் சேர்ந்தது. மிச்சமிருந்தவர்கள் அவர் எழுதி வைத்ததைத் தொகுத்து, விதிகளும் பதவிகளும் வகுத்து, 1908இல் அரசு அங்கீகாரம் பெற்றார்கள். அதற்காக அரசுக்குப் பிடித்தமாதிரி போதனையை வளைத்தும் கொடுத்தார்கள். இன்று ஒரு பல்கலைக்கழகம், ஒரு பெரிய நூலகம், ஒரு மருத்துவமனை அவர்களுடையவை. ஊரின் பெயரே அந்த மதத்தின் பெயர்.

ஓம் ஷின்ரிக்கியோ தொடங்கியதும் சாதாரணமாகத்தான். 1984இல் டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரு சிறிய யோகா வகுப்பு. நடத்தியவர் ஷோகோ அசஹாரா, பார்வைக் குறைபாடு உள்ளவர், போலி மருந்து விற்றதற்காக ஒருமுறை பிடிபட்டவர். இமயமலையில் ஞானம் பெற்றதாகச் சொன்னார். சிவனும் புத்தரும் உலக அழிவும் கலந்த போதனை. படித்த இளைஞர்கள் வந்தார்கள். மருத்துவர்களும் வேதியியல் பட்டதாரிகளும் அவர்களில் இருந்தார்கள். துறவு பூண்டவர்கள் சொத்தையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டோடு தொடர்பை அறுத்துக்கொண்டார்கள். குருவின் குளியல் நீர்கூட விலைக்கு விற்றது.

1988இல் ஒரு சீடர் கடும் பயிற்சியின்போது இறந்தார். சட்ட அங்கீகாரத்துக்கு முயன்றுகொண்டிருந்த நேரம் அது; விஷயம் வெளியே தெரிந்தால் கெட்டது என்று மறைத்தார்கள். அது தெரிந்த இன்னொரு சீடர் விலகப் பார்த்தார். பிப்ரவரியில் கொல்லப்பட்டவர் அவர்தான். அந்த ஆண்டு நவம்பரில், பெற்றோர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் சகமோதோ, அவர் மனைவி, ஒரு வயது மகன் மூவரும் வீட்டில் தூங்கும்போது கொல்லப்பட்டார்கள். அமைப்பின் சின்னம் பொறித்த ஒரு பேட்ஜ் வீட்டிலேயே கிடந்தது. போலீஸ் அதை வெறும் காணாமல் போன வழக்காகவே வைத்திருந்தது. பதிவு பெற்ற மதத்தைத் தொட எல்லோருக்கும் தயக்கம்.

1990 தேர்தலில் 25 பேரை நிறுத்தினார்கள். தொண்டர்கள் பிள்ளையார் தலை மாட்டிக்கொண்டு தெருவில் ஆடினார்கள். ஒருவரும் ஜெயிக்கவில்லை. அதன்பின் உலகம்தான் எதிரி. ஃபூஜி மலை அடிவாரத்துக் கட்டடத்தில் சாரின் நச்சு தயாரானது. 1994இல் மட்சுமோதோ நகரிலும், 1995 மார்ச் 20 காலை டோக்கியோ சுரங்க ரயில்களிலும் அதை விட்டார்கள். 2018இல் அசஹாராவும் 12 சீடர்களும் தூக்கிலிடப்பட்டார்கள்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்தால் தொடக்கத்தில் வித்தியாசம் குறைவு. சாமி வந்த மனிதர், நோய் தீரும் பேச்சு, சொத்து கரைந்த குடும்பம், வெளியாரின் கேலி எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் மிகியின் சொத்து வெளியே போனது. அசஹாராவுக்குச் சொத்து உள்ளே வந்தது. மிகியை விட்டுப் போனவர் வீட்டுக்குத்தான் போனார். அசஹாராவை விட்டுப் போக நினைத்தவர் எரிக்கப்பட்டார். கல்ட் என்பது நம்பிக்கையின் பெயர் அல்ல, அதிகாரம் நடத்தும் முறையின் பெயர் என்பதுதான் என் முடிவு. பழைய மதங்களுக்குள்ளும் அப்படிப்பட்ட மடமும் ஆசிரமமும் சபையும் உருவாகலாம். வயதும் பெயர்ப்பலகையும் காப்பாற்றாது.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஏதோ ஒரு குழுவில் சேர்ந்திருந்தால் அங்கே என்ன நம்புகிறார்கள் என்று வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த வாதத்தில் தோற்பதும் ஜெயிப்பதும் பிள்ளையை இன்னும் உள்ளேதான் தள்ளும். பேச்சுவார்த்தையை மட்டும் விடாதீர்கள். கணக்கு யார் பார்க்கிறார், குரு தப்பு செய்தால் கேட்க ஆள் உண்டா என்று விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அங்கிருந்து விலகிய ஒருவரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். பழைய நண்பர்கள் தெருவில் பார்த்தால் அவரிடம் நின்று பேசுகிறார்களா என்று கேளுங்கள்.